வெறும் வெள்ளைப் படமே 183 கேபி: விண்ணப்பப் படிவம் கேட்கும் கணக்கு

புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். தேர்வு விண்ணப்பப் படிவங்களில் அடிக்கடி கண்ணில் படும் நிபந்தனை இது. கையில் இருப்பதோ போனில் எடுத்த மூன்று, நான்கு எம்பி படம். ஏதோ ஒரு செயலியில் திறந்து, தரத்தைக் குறைக்கும் பட்டையைப் பிடித்து 80, 50, 20, 5 என்று கீழே இழுத்துக்கொண்டே போகிறோம். முகம் சதுரம் சதுரமாக உடைந்துபோகிறது. ஆனால் கோப்பு இன்னும் 200 கேபிக்கு மேலேயே நிற்கிறது.

செயலியில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் படத்தை அந்த வழியில் 50 கேபிக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் விஷயம். முகமே இல்லாத, வெறும் வெள்ளைப் படமாக இருந்தாலும் முடியாது.

ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 பிக்சல்களையும் 64 வேறு எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மற்ற 63 எண்களும் கட்டத்துக்குள் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்பவை: முதலில் மெதுவான ஏற்ற இறக்கம், போகப்போக நுணுக்கமானது. இந்த உருமாற்றத்தை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-ல் வெளியிட்டார்கள். பிறகு இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு வகுப்பானால் வகுக்கப்பட்டு, அருகிலுள்ள முழு எண்ணாக்கப்படுகிறது. தரப் பட்டை மாற்றுவது இந்த வகுப்பானைத்தான். பரவலாகப் புழங்கும் அளவுகோலில், முதல் எண்ணின் வகுப்பான் தரம் 50-ல் 16, 90-ல் 3, 100-ல் 1. வகுப்பான் பெரிதாகும்போது நுணுக்கமான எண்கள் எல்லாம் பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களின் வரிசையை எழுத அதிக இடம் வேண்டாம். கோப்பு சிறுப்பது இப்படித்தான்.

ஆனால் எல்லாமே பூஜ்யமானாலும் ஒரு கட்டம் முற்றிலும் காணாமல் போய்விடாது. ‘சராசரி முந்தைய கட்டத்தைப் போலவே’ என்று சொல்ல 2 பிட், ‘இதோடு முடிந்தது’ என்று சொல்ல 4 பிட். ஜேபெக் தரநிலையோடு வரும் வழக்கமான குறியீட்டு அட்டவணைப்படி வெளிச்சக் கட்டம் ஒன்றின் அடிப்படைச் செலவு இந்த 6 பிட். நிறத்தை ஜேபெக் வெளிச்சத்திலிருந்து பிரித்து, இரண்டு தனி அடுக்குகளாக வைக்கும்; அந்த நிறக் கட்டம் ஒன்றுக்கு 4 பிட். இப்போது 3000 × 4000 பிக்சல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிச்சக் கட்டங்கள் 1,87,500. நிறத் தகவல் வழக்கமாகப் பாதி அகலம், பாதி உயரத்தில் வைக்கப்படுவதால், இரண்டு நிற அடுக்குகளுக்கும் சேர்த்து 93,750 கட்டங்கள். பெருக்கிக் கூட்டினால் 15 லட்சம் பிட், அதாவது 1,87,500 பைட், சுமார் 183 கேபி. படத்தில் ஒன்றுமே இல்லாதபோது ஆகும் செலவு இது. சில மென்பொருள்கள் அட்டவணையைப் படத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்ளும். அப்போதும் சாதாரண ஜேபெக்கில் 70 கேபியை ஒட்டித்தான் வரும்.

ஆகவே குறைக்க வேண்டியது தரத்தை அல்ல, கட்டங்களின் எண்ணிக்கையை.

படிவம் 200 × 230 பிக்சல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். ஸ்டூடியோவில் தரும் பாஸ்போர்ட் அளவு படம் 3.5 × 4.5 செ.மீ.; விகிதம் 0.78. படிவம் கேட்பதோ 0.87. விகிதத்தைக் கவனிக்காமல் அப்படியே 200 × 230-க்குள் அமுக்கினால் முகம் ஏறத்தாழ 12 சதவீதம் அகன்றுவிடும். கன்னம் உப்பிய அந்தப் படம் ஹால் டிக்கெட்டிலும் அப்படியே வரும். எனவே முதலில் கிராப், பிறகுதான் ரீசைஸ். நம் படத்தில் 3000 அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை 3450 ஆக வெட்டினால் விகிதம் சரியாக இருக்கும். அதைப் பதினைந்தில் ஒரு பங்காக்கினால் 200 × 230 வந்துவிடும். பழைய பிக்சல்கள் 225 சேர்ந்து புதியது ஒன்றாவதால் போன் கேமராவின் புள்ளி இரைச்சலும் பெருமளவு அடங்கிவிடும்.

இப்போது வெளிச்சக் கட்டங்கள் 725 மட்டுமே. 50 கேபியைப் பங்கிட்டால் கட்டத்துக்கு 70 பைட் கிடைக்கிறது. சுருக்காமல் வைத்தாலே அந்த 64 பிக்சலுக்கு 192 பைட்தான் ஆகும் என்பதால், இது தாராளமான ஒதுக்கீடு. மேல்வரம்பு இனி ஒரு பிரச்சினையே அல்ல.

சிக்கல் இப்போது கீழ்வரம்பில் வந்து நிற்கும். தரம் 75, 80 என்ற வழக்கமான அமைப்பில் சேமித்தால் இவ்வளவு சிறிய படம் பெரும்பாலும் 20 கேபிக்குக் கீழேதான் போகும். சமதளமான பின்னணி இருந்தால் இன்னும் குறையும். ‘கோப்பு மிகவும் சிறியது’ என்று படிவம் திருப்பி அனுப்பும்போது பலர் குழம்பிப்போவது இதனால்தான். இதற்குத் தரத்தை 95, 98 என்று ஏற்ற வேண்டும். ஜிம்ப் போன்ற மென்பொருளில் ஏற்றுமதிச் சாளரத்தில் முன்னோட்டத்தை இயக்கினால், பட்டையை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு மாறுவதைப் பார்க்கலாம். கட்டளை வரி பழக்கமுள்ளவர்களுக்கு இமேஜ்மேஜிக்கில் ஒரே வரி:

```
magick photo.jpg -auto-orient -gravity center -crop 3000x3450+0+0 +repage -resize "200x230!" -strip -define jpeg:extent=45KB out.jpg
```

கடைசி நிபந்தனை, 45 கேபியைத் தாண்டாத மிக உயர்ந்த தரத்தைத் தானே தேடிப் பிடிக்கும். `-auto-orient` போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் படிவத்தில் படுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். `-strip` கேமரா விவரங்களையும், கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குட்டி முன்னோட்டப் படத்தையும் நீக்கும். நான்கு எம்பி கோப்பில் இந்தக் குட்டிப் படம் ஒரு பொருட்டே அல்ல. 50 கேபி கோப்பில் அதுவே கணிசமான பங்கைத் தின்றுவிடலாம்.

எல்லை ஓரத்தில் நிற்பதும் ஆபத்து. சில தளங்கள் ஒரு கேபியை 1000 பைட் என்றும், சில 1024 என்றும் கணக்கிடும். இரண்டுக்கும் பொருந்த வேண்டுமானால் 20,480 பைட்டுக்கு மேலும் 50,000 பைட்டுக்குள்ளும் இருந்தால் போதும். விண்டோஸில் கோப்பின் Properties சாளரத்தைத் திறந்தால் `Size`, `Size on disk` என்று இரண்டு வரிகள் தெரியும். பார்க்க வேண்டியது முதலாவதை. இரண்டாவது, வட்டில் ஒதுக்கப்பட்ட இடம். பொதுவாக 4 கேபியின் மடங்குகளில் ஏறும். 17.2 கேபி கோப்புக்கு அது 20 என்று காட்டும். நாம் நிம்மதியாகப் பதிவேற்றுவோம், படிவம் மறுக்கும்.

டிபிஐ பற்றி இரண்டு வரி போதும். 200 டிபிஐ என்பது அச்சிடும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. பிக்சல்களைத் தொடாமல் அந்த எண்ணை மாற்றினால் கோப்பின் அளவு மாறாது.

கையெழுத்துக்கு வருவோம். உண்மையில் அதிகம் படுத்துவது இதுதான். அளவு 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபிக்குள். மொத்தம் 8,400 பிக்சல். சுருக்காமல் வைத்தாலே 25,200 பைட். அதை ஜேபெக்காக்கி 10 கேபிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றால், சுருக்கும் வேலையையே செய்யாதே என்று ஜேபெக்கிடம் கேட்பது போலத்தான். அதுவும் கையெழுத்தில் பெரும்பகுதி வெள்ளை. வெள்ளைக் கட்டத்தின் விலை 6 பிட் என்று பார்த்தோம். தரத்தை 100 ஆக்கினாலும் அந்த விலை ஏறாது. எனவே பின்னணியை எவ்வளவு பளிச்சென்று வெளுக்கிறோமோ, அவ்வளவுக்குக் கீழ்வரம்பு எட்டாமல் போகும். மூன்று, நான்கு கேபியில் நின்றுவிடும் கையெழுத்துகள் பெரும்பாலும் இப்படி அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்டவை.

படிவத்தின் குறிப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 140 × 60 ‘விரும்பத்தக்கது’ என்று மட்டும் இருந்தால், அதே 7:3 விகிதத்தில் 350 × 150 என்று வைக்கலாம். பிக்சல்கள் ஆறு மடங்குக்கு மேல் கூடும், 10 கேபியும் எளிதில் வரும், கோடுகளும் தெளிவாக இருக்கும். என் பார்வையில் இதைவிடச் சுலபமான வழி இல்லை. அளவு கட்டாயம் என்றால் தரம் 100, நிறத்தைப் பாதியாக்கும் அமைப்பை நிறுத்துதல், காகிதத்தின் இயல்பான சொரசொரப்பை வெளுக்காமல் விடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து கைகொடுக்கும்.

இன்னொன்று கோட்டின் தடிமன். கையெழுத்துப் படம் 2800 பிக்சல் அகலம், பேனாக் கோடு 14 பிக்சல் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 140 ஆகக் குறைக்கும்போது கோடு முக்கால் பிக்சலுக்கும் குறைவாகிவிடும். முழுக் கறுப்பாக இருக்க இடமில்லாமல் சாம்பலாக வெளிறி, சுழிகள் மறைந்துபோகும். சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கையெழுத்தை ஒட்டி வெட்டிவிட்டால் 2800 என்பது 1600 ஆகும், கோடும் ஒரு பிக்சலுக்கு மேல் தேறும். மெல்லிய பால்பாயின்ட்டைவிட ஜெல் பேனா நல்லது. கறுப்பை அழுத்தமாக்கும் வேலையை, படத்தைச் சிறிதாக்கிய பிறகு செய்யுங்கள். முன்பே செய்தால் சராசரி எடுக்கும்போது மறுபடி வெளிறும்.

எதுவும் சரிவராதபோது ‘கேபி கூட்டும்’ செயலிகளிடம் போகிறவர்கள் உண்டு. அவற்றில் சில, படத்தைத் தொடாமல் கோப்பின் உள்ளே குறிப்புப் பகுதியிலோ வால்பகுதியிலோ வெற்றுப் பைட்டுகளைத் திணிக்கின்றன. படம் திறக்கும் மென்பொருள் அவற்றைப் பொருட்படுத்தாது. பைட்டுகளை மட்டும் எண்ணும் படிவம் ஏற்றுக்கொள்ளும். தளம் படத்தை மறுபடி சேமித்தால் அந்தத் திணிப்பு உதிர்ந்துவிடும், ஆனால் அதற்குள் சோதனையைத் தாண்டியிருக்கும். முன்பின் தெரியாத தளத்தில் நம் முகத்தையும் கையெழுத்தையும் சேர்த்துப் பதிவேற்றி இந்த வேலையைச் செய்துகொள்வதைவிட, 350 × 150 ஆக ஏற்றிப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.