கட்டளை ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில்: இடையில் எங்கே உடைகிறது?

கிட் பற்றிய ஒரு தமிழ்க் கையேட்டைப் படித்து, அதிலிருந்த கட்டளையை அப்படியே நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுகிறார் ஒருவர். திரையில் வருவது இது:

```
$ git commit -m “முதல் பதிவு”
error: pathspec 'பதிவு”' did not match any file(s) known to git
```

இதைப் பார்த்ததும் அவர் என்ன நினைப்பார்? கிட்டுக்குத் தமிழ் ஒத்துவராது போலிருக்கிறது என்றுதான். கமிட் செய்தியைத் தமிழில் எழுதியதால் வந்த வினை என்று முடிவுகட்டி, அதன் பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கிவிடுவார். உண்மையில் தமிழுக்கும் இந்தப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. மேலே உள்ள மேற்கோள் குறிகளை உற்றுப் பாருங்கள், வளைந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வேர்ட் போன்ற ஒரு செயலியில் தட்டச்சு செய்திருப்பார். அழகுக்காக அது நேர்க்குறியை வளைகுறியாக மாற்றியிருக்கும்.

பாஷ் போன்ற ஷெல்லுக்கு நேர்க்குறி மட்டும்தான் மேற்கோள். வளைகுறி அதற்கு இன்னொரு எழுத்து, அவ்வளவே. அதனால் இடைவெளி வந்த இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிட்டது. “முதல் என்பது கமிட் செய்தி ஆனது. பதிவு” என்ற மிச்சத்தைக் கோப்புப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லையே என்கிறது கிட். செய்தி ஒரே சொல்லாக இருந்திருந்தால் இன்னும் மோசம்: பிழையே வராது, வளைகுறியோடு சேர்த்துக் கமிட் பதிவாகிவிடும்.

இதே பிழைச்செய்தி வேறு வழியிலும் வரும். `--amend` என்பதில் இருக்கும் இரண்டு சிறு கோடுகளைச் சேர்த்து அந்தச் செயலி ஒரே நீளக் கோடாக ஆக்கிவிட்டால், `git commit –amend` என்பதை கிட் விருப்பத்தேர்வாகப் பார்க்காது. ‘–amend’ என்ற பெயரில் ஒரு கோப்பைத்தான் தேடும். அச்சில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இது பட வாய்ப்பே இல்லை.

ஆகவே, குறியீட்டுப் பகுதிகளை மொழிபெயர்ப்புச் செயலிக்குள் வைத்துத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். மூலத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், அதுவும் எளிய உரை எடிட்டரில். `#` குறிக்குப் பின்னால் வரும் குறிப்புகளைத் தமிழாக்கலாம், கமிட் செய்தியையும் தமிழாக்கலாம். அந்தப் பகுதிக்குள் நாம் கைவைக்கலாம் என்றால் ஏறக்குறைய இவ்வளவுதான்.

அடுத்தது, தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்: வேற்றுமை உருபு. நம் வாக்கியத்தில் கட்டளைப் பெயர் சும்மா நிற்காது. அதன் வாலில் ஐ, ஆல், இல் என்று ஏதாவது ஒட்ட வேண்டியிருக்கும். மார்க்டவுனில் எழுதினால் பிரச்சினை இல்லை. ஸ்பிங்ஸில் உருவாகும் ஆவணங்கள் பெரும்பாலும் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வடிவில் இருக்கும், அங்கேதான் தலைவலி. குறியீட்டை மூடும் இரட்டைப் பின்குறிக்கு அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும் என்பது அதன் விதி. எழுத்து வந்தால், அங்கே மூடியதாகவே அது ஏற்றுக்கொள்ளாது.

```
``git push``ஐ இயக்கும் முன் ``git pull`` கட்டளையை இயக்கவும்.
```

இந்த வரியில் முதல் குறியீடு `push` என்பதோடு முடியவில்லை. ஐ ஒட்டியிருப்பதால் அந்த மூடும் குறி செல்லாது. அடுத்த செல்லுபடியாகும் மூடும் குறி `pull` என்பதற்குப் பின்னால்தான் இருக்கிறது. எனவே ‘ஐ இயக்கும் முன்’ என்ற தமிழும் சேர்ந்து, ஒரே நீளமான குறியீடாகச் சாம்பல் பெட்டிக்குள் போய்விடும். வேடிக்கை என்னவென்றால் இதற்கு எச்சரிக்கை எதுவும் வராது. பத்தியில் இரண்டாவது குறியீடு இல்லாமலிருந்தால் மட்டும் `Inline literal start-string without end-string.` என்று ஸ்பிங்ஸ் சொல்லும். அதாவது தவறு சிறியதாக இருந்தால் சத்தம் போடும், பெரிதாக இருந்தால் வாயைத் திறக்காது.

நடுவே ஒரு சிறு கோடு போட்டு ‘-ஐ’ என்று எழுதினால் விதிக்கு உட்பட்டுவிடும். ஆனால் அதை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. `git push`-ஐ என்று பார்க்கும் புதியவருக்கு அந்தக் கோடும் கட்டளையின் பகுதியோ என்ற ஐயம் வரும், கிட்டில் கோடு போட்ட பெயர்கள் ஏராளம் இருப்பதால். கட்டளைக்குப் பின் ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லை வைத்து, உருபை அதன் தலையில் கட்டிவிடுவதே என் வழக்கம்: `git push` கட்டளையை, `--force` தேர்வால், `.gitignore` கோப்பில். வாக்கியம் சற்று நீளும், பரவாயில்லை. இது கட்டளையா, தேர்வா, கோப்பா என்பதும் வாசகருக்குக் கூடவே தெரிந்துவிடுகிறது.

சரி, பிழைச்செய்தியை என்ன செய்வது? முழுச் செய்தியையும் ஆங்கிலத்தில் தனி வரியில் விட்டுவிட்டு, கீழே தமிழில் விளக்குவதே நல்லது. வாசகர் திரையில் பார்க்கப்போவது அந்த ஆங்கில வரிதான், தேடுபொறியில் ஒட்டப்போவதும் அதைத்தான். தமிழாக்கிய பிழைச்செய்தியை யாரும் எங்கும் பார்க்கப்போவதில்லை. விளக்கும்போது, செய்தியில் எது மாறும் எது மாறாது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். மேலே பார்த்த செய்தியில் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது பயனர் தட்டச்சு செய்தது, மற்றது கிட் எப்போதும் சொல்வது. இதைச் சொல்லாவிட்டால் தன் கோப்புப் பெயரையும் சேர்த்துத் தேடிவிட்டு, பதில் கிடைக்கவில்லை என்பார்.

கோப்புப் பெயர்களைத் தமிழாக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆக்கலாம், கிட் தாராளமாக ஏற்கும். ஆனால் படம்.png என்று ஒரு கோப்பை உருவாக்கச் சொல்லிவிட்டு `git status` தரும் வெளியீட்டைக் காட்டினால், வாசகர் திரையில் தெரிவது இதுதான்:

```
"\340\256\252\340\256\237\340\256\256\340\257\215.png"
```

ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்டுகளை எண்களாகக் காட்டுவது கிட்டின் இயல்பான அமைப்பு. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பதால் புள்ளியையும் சேர்த்து நான்கு குறிகள் பன்னிரண்டு எண்களாகிவிட்டன. `git config --global core.quotePath false` என்று ஒருமுறை கொடுத்தால் பெயர் தமிழிலேயே தெரியும். கையேட்டில் தமிழ்க் கோப்புப் பெயர் வேண்டுமென்றால் இந்த வரியை முதல் பாடத்திலேயே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் `photo.png` என்றே விட்டுவிடலாம். பெயரைத் தமிழாக்கிவிட்டு வெளியீட்டை மனக்கணக்கில் எழுதுவதுதான் கூடாது. வெளியீடு எதுவானாலும் ஓட்டிப் பார்த்து எடுத்ததாக இருக்கட்டும்.

வெளியிடும் முன் கோப்புறையில் இதை ஓட்டிப் பார்ப்பேன்:

```
grep -n '[“”‘’–—]' *.md
```

தமிழ் வாக்கியங்களில் உள்ள வளைகுறிகளும் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிடலாம். குறியீட்டுப் பகுதிக்குள் ஒன்று அகப்பட்டாலும் திருத்த வேண்டும். அப்புறம், உருவான பக்கத்தை உலாவியில் திறந்து, ஒவ்வொரு கட்டளையையும் அங்கிருந்தே நகலெடுத்து ஒரு காலிக் கோப்புறையில் ஓட்டுவேன். மூலக் கோப்பிலிருந்து எடுத்து ஓட்டினால் போதாது. சில தள வார்ப்புருக்கள் பக்கத்தை உருவாக்கும்போதுதான் நேர்க்குறியை வளைகுறியாக மாற்றுகின்றன, அது மூலக் கோப்பில் தெரியவே தெரியாது.