ஒன்பது புகார், நான்கு பழுது: மின்தடைப் புகார்களைச் சேர்த்து ஆள் அனுப்பும் முறை

மழை பெய்து ஓய்ந்த மாலையில், ஒரு பிரிவு அலுவலகத்துக்கு அரை மணி நேரத்தில் ஒன்பது மின்தடைப் புகார் வருவது சாதாரணம். வந்த வரிசைப்படியே ஆள் அனுப்பினால் வண்டி ஒரே தெருவுக்கு மூன்று தடவை போய்வரும். தெருப் பெயரை வைத்துச் சேர்த்தாலும் பாதிதான் சரியாக வரும். எதிரெதிர் வீடுகள் வேறு வேறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும், சில இடங்களில் வேறு பீடரிலிருந்தும், அதாவது துணைமின்நிலையத்திலிருந்து வரும் வேறு 11 கே.வி. லைனிலிருந்தும்கூடக் கரண்ட் எடுக்கும். அதனால் கரண்ட் வரும் வழியை வைத்துத்தான் புகார்களைச் சேர்க்க வேண்டும்: எந்த பீடர், எந்த டிரான்ஸ்ஃபார்மர், எந்த ஃபேஸ், எந்தக் கம்பம்.

தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 9498794987க்கு வரும் புகாரில் முதலில் கேட்கப்படுவது மின் இணைப்பு எண். அதில் மண்டலம், பிரிவு, பகிர்மானம் எல்லாம் அடங்கியிருப்பதால் ஊருக்குள் எந்தப் பகுதி என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் எந்த ஃபேஸ் என்று அது சொல்லாது. அதைப் பேச்சில்தான் பிடிக்க வேண்டும். புகாரை வாங்குபவர் "கரண்ட் இல்லை" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டால், சேர்ப்பதற்கு வேண்டிய தகவல் அங்கேயே போய்விடுகிறது.

மூன்று கேள்வி போதும். வீட்டில் முழுவதுமாக இல்லையா, மந்தமாக இருக்கிறதா? பக்கத்து வீட்டில் எப்படி? தெருவிளக்கு எரிகிறதா?

இதற்கு வரும் பதில்களில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் முழு இருட்டு, மற்றவை சரி என்றால் எல்.டி. பக்கம், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் தாழ்வழுத்தப் பக்கம், மூன்று ஃபேஸில் ஒன்றின் ஃப்யூஸ் போயிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் ஓடாமல் உறுமுகிறது, மீதி வீடுகளில் குறையே இல்லை என்றால் கோளாறு 11 கே.வி. பக்கம், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் பக்கத்தில் இருக்கும் ஹெச்.ஜி. ஃப்யூஸ் ஒன்று போயிருக்கும். மேல் பக்கம் ஒரு ஃபேஸ் போனதும், டெல்டா இணைப்பில் இருக்கும் மூன்று சுற்றுகளில் ஒன்றுக்கு மட்டும் முழு வோல்டேஜ் கிடைக்கிறது. மற்ற இரண்டும் வரிசையாகி அதே வோல்டேஜைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் கீழே இரண்டு ஃபேஸில் கிட்டத்தட்ட பாதி, 115 வோல்ட் அளவில்தான் வரும். சுமையைப் பொறுத்து சற்று முன்பின் இருக்கும். எல்.இ.டி. பல்பு பல வீடுகளில் இந்த வோல்டேஜிலும் எரியும். ஆகவே "லைட் எரியுது, ஃபேன்தான் ஓடலை" என்று ஒருவர் சொன்னால் வீட்டு வயரிங் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது.

சில வீடுகளில் பல்பு அளவுக்கு மீறிப் பிரகாசம், சில வீடுகளில் மங்கல், இரண்டும் மாறி மாறி வருகிறது என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. இது சாமான்களை எரித்துவிடும். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

இப்போது அந்த ஒன்பதையும் பார்ப்போம். பிள்ளையார் கோயில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நான்கு லோ வோல்டேஜ் புகார். அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு வீடு மட்டும் முழு இருட்டு, பக்கத்து வீட்டில் மந்தமாக எரிகிறது. சாலைக்கு எதிர்ப்புறம், பள்ளிக்கூட டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று வீடுகள் இருட்டு, இடையிலுள்ள வீடுகளில் கரண்ட் உண்டு. ஒன்பதாவது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி பாரதி நகரில் கம்பி அறுந்து தொங்குகிறது.

முதல் நான்கும் ஒரே பழுது: ஹெச்.ஜி. ஃப்யூஸ். ஐந்தாவது, கம்பத்தில் சர்வீஸ் வயர் இணைப்பு விட்டிருக்கும். அடுத்த மூன்றும் எல்.டி. ஃப்யூஸ் ஒன்று. கம்பியோடு சேர்த்து மொத்தம் நான்கு பழுது.

தொங்கும் கம்பியை எந்தத் தொகுப்போடும் சேர்க்கக் கூடாது. போனில் பேசியவரிடம் யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, துணைமின்நிலையத்தில் அந்த பீடரை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழு நேராக அங்கேதான் போகவேண்டும். அறுந்தது எல்.டி. கம்பி என்றால், பாரதி நகர் டிரான்ஸ்ஃபார்மரை 11 கே.வி. லைனிலிருந்து பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து அந்த இடத்தைத் தனியாக்கிய பிறகுதான் பீடரை மறுபடி போடலாம். பீடர் நின்றிருக்கும் நேரத்தில் வரும் புதுப் புகார்களையெல்லாம் பீடர் நிறுத்தத்தின் கீழ் எழுத வேண்டும். இல்லையென்றால் ஒன்பது புகார் நாற்பதாகி, பழைய பழுதுகள் அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

அடுத்து கோயில் தெரு. ஹெச்.ஜி. ஃப்யூஸ் போட எப்படியும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, டிஸ்சார்ஜ் செய்து, லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராட் மாட்ட வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் முழுவதும் நிற்கும் அதே நேரத்தில் ஐந்தாவது வீட்டின் கம்ப இணைப்பையும் முடித்துவிடலாம். சேர்த்து அனுப்புவதில் பெரிய லாபம் இதுதான். டீசல் மிச்சமாவது அதற்கு அப்புறம். ஒருமுறை நிறுத்தி இரண்டு வேலை முடிகிறது, சரியாக இருக்கும் வீடுகளுக்கு இரண்டாவது தடை இல்லை. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு பக்கத்துக்குமான ஃப்யூஸ் கம்பி, கனெக்டர், ஒரு சுருள் சர்வீஸ் வயர், ஏணி எல்லாம் வண்டியில் இருந்தால்தான் இது நடக்கும்.

பள்ளிக்கூட டிரான்ஸ்ஃபார்மர் 150 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் வேறு பீடர். ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். கோயில் பக்கம் சுவிட்சைத் திறந்தவர்கள் எதிர்க் கம்பமும் செத்த லைன்தான் என்று நினைத்து ஏறிவிடக் கூடாது. ஒரே பயணத்தில் போகலாம், ஒரே எல்.சி.யில், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய வாங்கும் ஒரே அனுமதியில், வேலை செய்யக் கூடாது. முதல் இடத்தை முடித்து, எர்த் ராடைக் கழற்றி, ஆட்களை எண்ணி, லைனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுத்ததற்குப் போகவேண்டும். அனுப்புபவர் தரும் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் நேரே பீடர் பெயரும் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தடுத்த இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒரே சமயத்தில் லோ வோல்டேஜ் புகார் வந்து, இரண்டும் ஒரே பீடராக இருந்தால், இரண்டு ஹெச்.ஜி. ஃப்யூஸ் என்று எழுதி அனுப்ப வேண்டாம். இரண்டுக்கும் மேலே, கம்பிகளை இணைக்கும் ஜம்பரோ கம்பியோ விட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அறுந்த கம்பி வயலில் கிடக்கலாம் என்பதால் இதுவும் அவசர வேலைதான்.

சேர்ப்பதற்காகக் காத்திருப்பதிலும் அளவு வேண்டும். மழை மாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் பழுதுகளின் உருவம் தெரிந்துவிடும். சாதாரண நாளில் தனியாக வந்த ஒரு புகாரை, துணைக்கு இன்னொன்று வரட்டும் என்று வைத்திருப்பது சரியல்ல.

ஃப்யூஸ் போட்டும் அன்றே மறுபடி போனால் கனத்த கம்பியைப் போட்டு மூடிவிடுவது பெரிய தவறு. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸுக்கு முழுச் சுமை சுமார் 133 ஆம்பியர். கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று ஃபேஸையும் அளந்தால் சுமை எங்கே குவிந்திருக்கிறது என்று தெரியும். சுமை குறைவாக இருந்தும் போகிறது என்றால், காற்றில் உரசும் கம்பியையோ கிளையையோ தேட வேண்டும்.

ஒரு பழுதைச் சரிசெய்ததும் அதன் கீழ் இருக்கும் எல்லாப் புகாரையும் ஒரே தட்டில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரிய பழுதுக்குள் சின்னப் பழுது மறைந்திருக்கும். ஹெச்.ஜி. ஃப்யூஸ் போட்ட பின்னும் அந்த நான்கு வீடுகளில் ஒன்று இருட்டாகவே இருக்கலாம். குழு அந்தத் தெருவை விட்டுக் கிளம்புவதற்குள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முடிக்க வேண்டும். ஒரு வீட்டில் இல்லை என்றால் ஏணி இன்னும் கம்பத்தடியில்தான் இருக்கும்.