பன்னிரண்டு லட்சம் கேட்டவருக்கு ஸ்டே கிடைக்குமா?

ஊரில் பத்து வருஷம் சிவில் கோர்ட்டில் நின்றவன் நான். இப்போது சிங்கப்பூரில் இருந்தபடி இந்திய வழக்குகளைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் யாராவது ஒருவர் போனை நீட்டி, "சார், அண்ணன் நிலத்துல ஜேசிபி விட்டுட்டாரு, உடனே ஸ்டே வாங்கணும்" என்பார்.

துவாஸில் வெல்டராக இருக்கும் ஒரு தம்பியும் அப்படித்தான் வந்தார். அப்பா பெயரில் அறுபது சென்ட், உயில் கிடையாது, வாரிசுகள் மூன்று பேர். அப்பாவின் கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருந்தன. இதுவே முதல் பார்வையில் வழக்கு இருக்கிறது என்று காட்டப் போதும். ஜெயித்துக் காட்ட வேண்டியதில்லை, விசாரித்துத் தீர்க்க வேண்டிய நியாயமான கேள்வி ஒன்று இருந்தால் சரி.

சிக்கல் அவருடைய வாட்ஸ்அப்பில் இருந்தது. பொங்கலுக்கு அண்ணனுக்கு எழுதியிருக்கிறார்: "பன்னிரண்டு லட்சம் கொடு, கையெழுத்துப் போடுறேன்." தடை கேட்பவர் ஈடுசெய்ய முடியாத இழப்பு வரும் என்றும் காட்ட வேண்டும், அதாவது பணத்தால் சரிக்கட்ட முடியாதது. தன் பங்குக்குத் தானே விலை சொன்னவரிடம் நீதிபதி கேட்பார்: அப்போ பணம் வாங்கிக்கோயேன், தடை எதுக்கு? அதோடு வழக்கு நடக்கும்போது விற்றாலும் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான் (சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 52), அதனால் விற்பனையால் என்ன போய்விடப் போகிறது என்றும் எதிர்த்தரப்பு வாதாடும்.

"அந்த மெசேஜைக் காட்டாம விட்டா?" என்றார் மெதுவாக. அண்ணனிடமும் அதே மெசேஜ் இருக்கிறதே ஐயா! எதிராளிக்கு நோட்டீஸ் இல்லாமல் வாங்கிய தடையில், முக்கியமான விஷயத்தில் தெரிந்தே தவறாகச் சொன்னது தெரியவந்தால், பொதுவாக அந்தத் தடையை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39, விதி 4. அதனால் அந்த மெசேஜை நாங்களே பிரமாணப் பத்திரத்தில் வைத்து, அது சமாதானத்துக்காகக் கேட்டது, பணம் வரவில்லை, அதற்கப்புறம்தான் அண்ணன் தென்னைகளை வெட்டி அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார் என்று தேதி போட்டு எழுதினோம். எட்டு மாதம் சும்மா இருந்தது ஏன் என்பதற்கும் அதே வரிசைதான் பதில், ஏனென்றால் ஜேசிபி வந்தது போன வாரம்தான்.

கேட்பதையும் சுருக்கினோம். அண்ணனை நிலத்திலேயே இறங்க விடாதே என்று கேட்டிருந்தால், விதைத்துச் சாப்பிடுகிற மனிதனுக்கு உடனடி நஷ்டம், சிங்கப்பூரில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, யாருக்குச் சிரமம் அதிகம் என்ற தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் சாகுபடியை விட்டுவிட்டுக் கட்டடம், மரம், விற்பனை மூன்றுக்கு மட்டும் தடை கேட்டோம்.

கட்டடத்துக்கும் மரத்துக்கும் தடை கிடைத்தது. விற்பனைக்குக் கிடைக்கவில்லை, பிரிவு 52 போதும் என்றுவிட்டார் நீதிபதி. தம்பிக்கு வருத்தம்தான், ஆனால் அஸ்திவாரக் குழி இன்னும் குழியாகவே கிடக்கிறது.