சுவருக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட்?

பெயிண்ட் கணக்கில் பரப்பளவு எளிது. நீளம், உயரம், பெருக்கல், கதவு ஜன்னலைக் கழித்தல், அவ்வளவுதான். கணக்கு பெரும்பாலும் தவறிப்போவது டப்பாவின் மேல் எழுதியிருக்கும் "ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி" என்ற எண்ணில்தான். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் வாங்க வேண்டிய அளவு ஏறக்குறைய சரியாக வந்துவிடும்.

முதலில் பரப்பளவை முடித்துவிடுவோம். 12 அடிக்கு 10 அடி அறை, தரையோர ஸ்கர்டிங் டைலுக்கு மேலிருந்து சீலிங் வரை 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி, எனவே சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. சீலிங் 120 சதுர அடி. அதற்குப் பெரும்பாலும் வேறு பெயிண்ட் என்பதால் அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 7 அடிக்கு 3 அடியில் ஒரு கதவு 21 சதுர அடி. 4 அடிக்கு 4 அடியில் இரண்டு ஜன்னல்கள் 32 சதுர அடி. மொத்தம் 53 கழித்தால் 387.

இத்தோடு நிறுத்தினால் கொஞ்சம் குறையும். ஜன்னல் பலகை போலச் சுவரோடு ஒட்டியிருப்பதில்லை. 9 அங்குலச் சுவரில் சட்டம் போக உள்பக்கம் அரை அடி ஆழத்துக்குச் சுவரின் விளிம்பு தெரியும். அதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். கீழே கிரானைட் பலகை இருந்தால் மீதி மூன்று பக்கங்கள், அதாவது 12 அடி நீளம், அரை அடி அகலம்: ஜன்னலுக்கு 6 சதுர அடி. இரண்டுக்கும் 12 கூட்டினால் 399. நம் அறைக்கு 400 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டட வேலைகளை அளக்கும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 இதை வேறு வழியில் கையாள்கிறது. 0.5 சதுர மீட்டர் வரையுள்ள சிறு திறப்புகளைக் கழிப்பதே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே வேலை நடந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்கிறது. மறுபக்கம் கழிக்காமல் விடுவது அந்த விளிம்புகளுக்கு ஈடு. கூலிக்கு அளக்கும்போது பல பெயிண்டர்கள் கதவு ஜன்னலைக் கழிக்காமல் முழுச்சுவராகவே எடுப்பதும் உண்டு. அதனால் கூலிக்கான சதுர அடியும் பெயிண்டுக்கான சதுர அடியும் ஒன்றாக இருக்காது. எதைக் கழிப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

சரி, இப்போது லிட்டருக்கு வருவோம். ஒரு லிட்டர் திரவத்தை ஒரு சதுர மீட்டரில் ஊற்றிப் பரப்பினால் அது 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். 10 சதுர மீட்டரில் பரப்பினால் அதில் பத்தில் ஒரு பங்கு, 100 மைக்ரான். 10 சதுர மீட்டர் என்பது கிட்டத்தட்ட 108 சதுர அடி. ஆக "லிட்டருக்கு 108 சதுர அடி" என்றால் "100 மைக்ரான் ஈரப் படலம்" என்றே அர்த்தம். ஒரு ஏ4 தாளின் தடிமன்தான் அது.

அந்தப் படலம் முழுவதும் சுவரில் தங்காது. எமல்ஷனில் உள்ள தண்ணீர் காய்ந்து பறந்துவிடும், பிசினும் நிறமியும் நிரப்பிகளும் மட்டும் நிற்கும். கன அளவில் திடப்பொருள் 40 சதவீதம் உள்ள பெயிண்டாக இருந்தால் 100 மைக்ரான் காய்ந்து 40 மைக்ரான் ஆகும். சுவரைக் காப்பதும் பழைய நிறத்தை மறைப்பதும் இந்த 40 மைக்ரான்தான். தண்ணீர் கலந்து அடிக்கும்போது இதை மறந்துவிடுகிறோம். டப்பாவில் சொன்னதை விட அதிகம் தண்ணீர் ஊற்றினால் ரோலர் நன்றாக ஓடும், பெயிண்ட் நிறைய இடத்துக்கு வரும், ஆனால் காய்ந்து நிற்கும் படலம் மெலிந்துபோகும். காய்ந்த பின் பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், மூன்றாவது கோட் கேட்கும். லிட்டர் கணக்கு எப்போதும் தண்ணீர் சேர்க்காத பெயிண்டுக்குத்தான்.

டப்பாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில டப்பாக்களில் உள்ள எண் ஒரு கோட்டுக்கு, சிலவற்றில் இரண்டு கோட்டும் சேர்த்து. இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மடங்கு வாங்குவோம், அல்லது பாதியில் தீர்ந்துவிடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை கோட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டே கணக்குப் போட வேண்டும். அப்புறம், அந்த எண் வழவழப்பான, பெயிண்டை உறிஞ்சாத பரப்புக்கானது. பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவர்கூட முதல் கோட்டைக் கொஞ்சம் குடிக்கும். இரண்டாவது கோட் ஏற்கெனவே உள்ள படலத்தின் மேல் போவதால் அதிக தூரம் வரும்.

எனவே நம் அறைக்கு, டப்பா "ஒரு கோட்டுக்கு 120 முதல் 140" என்று சொன்னாலும், முதல் கோட்டுக்கு 100 என்றும் இரண்டாவதற்கு 130 என்றும் நான் எடுப்பேன். 400-ஐ 100-ஆல் வகுத்தால் 4 லிட்டர். 400-ஐ 130-ஆல் வகுத்தால் 3.1 லிட்டர். ரோலரிலும் தட்டிலும் ஒட்டிக்கொண்டு போவதற்கு 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 7.5 லிட்டர். 4 லிட்டர் டப்பா இரண்டு வாங்கினால் போதும், மிச்சமாகும் அரை லிட்டர் பிறகு கீறல்களைச் சரிசெய்ய உதவும்.

இரண்டு கோட் எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. வெள்ளையும் வெளிர் நிறங்களும் நன்றாக மறைப்பதற்குக் காரணம் அவற்றில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு. அடர் சிவப்பு, பளிச் மஞ்சள் போன்றவற்றில் அதற்கு அதிகம் இடமில்லை, சேர்த்தால் நிறம் வெளிறிவிடும். அந்த நிறங்கள் எவ்வளவு விலையானாலும் அடியில் உள்ளதைக் காட்டும். ஒரு சுவருக்கு மட்டும் அப்படிப்பட்ட நிறம் என்றால் அதற்கு மூன்று கோட் கணக்கிட வேண்டும்.

விலையை லிட்டரில் ஒப்பிடுவது ஏமாற்றும். உதாரணத்துக்கு, லிட்டர் 220 ரூபாய் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு 80 சதுர அடி வருகிறது, 330 ரூபாய் பெயிண்ட் 130 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது சதுர அடிக்கு 2.75 ரூபாய், இரண்டாவது 2.54. விலை கூடியதே சுவரில் மலிவு. இந்த 330 ரூபாய் பெயிண்டில் நம் அறையின் 8 லிட்டருக்கு 2,640 ரூபாய் ஆகும். பட்டி, பிரைமர், கூலி எல்லாம் தனி. மலிவான பெயிண்ட் மூன்றாவது கோட்டைக் கேட்டால் அதற்கான கூலியும் சேரும்.

கணக்கு சரியா என்று முதல் நாளே பார்த்துவிடலாம். திறப்பு இல்லாத 12 அடிச் சுவர் 120 சதுர அடி. முதல் கோட் முடிந்ததும் 1.2 லிட்டர் அளவில் போயிருக்க வேண்டும். 0.8 லிட்டர்தான் போனது என்றால் தண்ணீர் கூடிவிட்டது. 1.8 லிட்டர் போனது என்றால் பிரைமர் போதவில்லை, சுவர் உறிஞ்சுகிறது. அங்கேயே நிறுத்தி, மீதிச் சுவர்களுக்கு இன்னொரு கோட் பிரைமர் அடித்து, அது காய்ந்த பின் தொடர்வது செலவைக் குறைக்கும். நிறம் கலந்து வாங்கிய பெயிண்டாக இருந்தால் இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பிறகு வாங்கும் டப்பா ஒரு சாயல் மாறினாலும் சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். குறைந்துபோகும் என்று தெரிந்தால் ஒரு மூலை வரை முடித்துவிட்டு, அடுத்த சுவரைப் புது டப்பாவில் தொடங்கலாம்.