பைரிடாக்சின் கொடுத்தாச்சு, வலிப்பு நின்றதா?

பச்சிளங்குழந்தைக்கு இரண்டு வலிப்பு மருந்து கொடுத்தும் அடங்கவில்லை, காரணமும் பிடிபடவில்லை என்றால் அடுத்து பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, கொடுத்துப் பார்ப்போம். சில குழந்தைகளுக்கு ஏஎல்டிஎச்7ஏ1 என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அதனால் உடம்பில் சேரும் ஒரு கழிவுப்பொருள் பி6-இன் செயல்படும் வடிவத்தைப் பிடித்து முடக்கிவிடும். இந்த வலிப்புக்கு வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் பிடிகொடுப்பதில்லை.

முதல் ஊசி 100 மில்லிகிராம், நரம்பு வழியாக. சத்து மருந்துதானே என்று பொதுவார்டில் போட்டுவிடக் கூடாது. இந்தக் கோளாறு உள்ள குழந்தைக்கு முதல் ஊசியிலேயே மூச்சு நின்றுபோகலாம், உடம்பு துவண்டுவிடலாம். செயற்கைச் சுவாசத்துக்கு ஏற்பாடு கையருகில் இருக்க வேண்டும். முடிந்தால் ஈஈஜி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

சில நிமிடத்தில் வலிப்பு நின்றால் எல்லோருக்கும் நிம்மதி. நான் மட்டும் மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பேன். அரை மணி முன்னால் பீனோபார்பிட்டோன் போயிருந்தால், நிறுத்தியது எது? ஈஈஜி அடங்கித் தட்டையாவதையும் நல்ல பதில் என்று எடுக்க முடியாது. மூளை மயங்கியதாலும் அப்படித் தெரியலாம்.

ஊசி போட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால்? இங்கேதான் அதிகம் தவறுகிறோம். 'பி6 பார்த்தாச்சு, பலனில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவிடுகிறோம். மூன்று கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்குப் பிறகும் கை கால் வெட்டு தொடர்கிறது. அப்போது பைரிடாக்சினை நிறுத்தாமல், கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் கணக்கில் 90 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். காலையில் 45, இரவில் 45, குழாய் வழியாகப் பாலோடு. இதை 3 முதல் 7 நாள் வரை தொடர வேண்டும். சில குழந்தைகளுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வலிப்பு குறையத் தொடங்கும். சிலருக்கு முழுதாக நிற்காமல் இடைவெளி மட்டும் கூடும். அதனால் ஒவ்வொரு வலிப்பையும் நேரத்தோடும் நீளத்தோடும் குறித்துவையுங்கள், அந்த நாட்களில் வேறு வலிப்பு மருந்தைக் கூடியவரை மாற்றாதீர்கள்.

பிறக்கும்போது அழவில்லை, மூச்சுத்திணறல் இருந்தது என்பதற்காக இந்தச் சோதனையைத் தவிர்க்கவும் கூடாது. இந்தக் குழந்தைகளில் சிலர் பிறப்பதே அப்படித்தான்.

முடிவைச் சொல்வது ஆய்வகமே. சிறுநீரிலோ ரத்தத்திலோ ஆல்ஃபா அமினோ அடிபிக் செமியால்டிஹைடு அளவு, அதோடு மரபணுப் பரிசோதனை. பி6 தொடங்கிய பிறகும் அந்த அளவு கூடுதலாகவே இருக்கும் என்பதால், மாதிரி எடுக்கவில்லையே என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்தை நிறுத்தி, வலிப்பு திரும்புகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். இப்போது அதற்குத் தேவையில்லை, ஆபத்தும்கூட. ரிப்போர்ட் வரும்வரை மாத்திரையைத் தொடரச் சொல்லித்தான் அனுப்புவேன். பி6-க்கு அசையாத குழந்தைக்கு, பிஎன்பிஓ என்ற நொதிக் குறைபாட்டை மனத்தில் வைத்து, பைரிடாக்சல் பாஸ்பேட் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.