1.62 எப்போது தப்பிக்கும்?

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் கலப்பு எண்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சோதனைக்கு வேறு எதுவும் வேண்டாம். ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, அதனுடன் c என்ற மாறாத எண்ணைக் கூட்ட வேண்டும். கிடைத்த விடையை மீண்டும் வர்க்கப்படுத்தி, மீண்டும் அதே c-ஐக் கூட்ட வேண்டும். இப்படியே போனால் எண் எல்லையின்றிப் பெருகுமா, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்குமா என்பதே கேள்வி. பெருகாத தொடக்க எண்களின் தொகுப்பின் விளிம்பை ஜூலியா கணம் என்பர்; கணினி இல்லாத காலத்தில், 1918-ஐ ஒட்டி, காஸ்டன் ஜூலியாவும் பியர் ஃபத்துவும் இதை ஆராய்ந்தனர்.

வியாசர்பாடியில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் c = −1 என்றே கொடுப்பேன். தொடக்க எண் 0.5 + 0.5i என்று வைத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 0.5i, ஒன்றைக் கழித்தால் −1 + 0.5i. அடுத்தது −0.25 − i. அதற்கடுத்தது −1.9375 + 0.5i. இந்த மூன்றாவது விடையின் மட்டு மதிப்பை வர்க்கமாகவே பார்த்தால் 4.0039 வருகிறது, அதாவது மட்டு 2-ஐ மயிரிழையில் தாண்டிவிட்டது. இரண்டாவது விடையில் மட்டு சற்றுக் குறைந்திருந்ததைக் கண்டு ஏமாறக் கூடாது.

ஏன் 2? c-இன் மட்டு 2-ஐ மிஞ்சாத வரையில், z-இன் மட்டு r என்பது 2-ஐத் தாண்டிவிட்டால், அடுத்த விடையின் மட்டு குறைந்தபட்சம் r² − 2 ஆக இருக்கும். r² − 2 என்பது r-ஐ விடப் பெரியது, அந்த வித்தியாசமும் படிக்குப் படி கூடிக்கொண்டே போகும். ஆகவே 2-ஐத் தாண்டிய எண் திரும்பி வராது என்பது ஊகமன்று, நிரூபணம். கணினியும் வர்க்கமூலம் எடுக்கும் செலவை மிச்சப்படுத்த, மட்டின் வர்க்கத்தை 4-உடன்தான் ஒப்பிடும்.

தாண்டாத எண்ணுக்கு அத்தகைய உறுதி எளிதில் கிடைப்பதில்லை. அதே c = −1-க்கு, 1.6-இல் தொடங்கினால் 1.56, 1.4336, 1.0552, 0.1135 என்று இறங்கி, 0-க்கும் −1-க்கும் இடையிலான ஊசலில் மாட்டிக்கொள்கிறது. 1.62-இல் தொடங்கினாலோ 1.6244, 1.6387, 1.6853, 1.8401 என்று தயங்கித் தயங்கி ஏறி, ஐந்தாம் படியில்தான் 2.386 ஆகித் தப்பிக்கிறது. நான்கு படிகளோடு நிறுத்தி ஜூலியா கணத்தைப் படமாக வரையும் நிரல் இதைச் சிறைப்பட்ட எண்ணாகவே வரைந்துவிடும். படத்தின் விளிம்பு ஊதிப்போய், நுணுக்கம் மழுங்கித் தெரிந்தால் படி வரம்பு போதவில்லை என்று பொருள்; வரம்பை இரட்டிப்பாக்கிப் பார்த்து, விளிம்பு நகர்ந்தால் பழைய படம் பொய்.

இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே, (1 + √5)/2 என்ற எண் வர்க்கமாகி ஒன்றைக் கழித்தால் தானாகவே திரும்பி வரும். ஆனால் அதற்கு அருகில் எந்தப் பிழை இருந்தாலும் அது ஒவ்வொரு படியிலும் சுமார் 3.24 மடங்காகப் பெருகும். பதினாறு இலக்கத் துல்லியம் கொண்ட கணக்கில்கூட, கடைசி இலக்கத்தின் பிழை முப்பது படிகளுக்குள் முழு எண் அளவுக்கு வளர்ந்துவிடும். எனவே விளிம்பை மிக நெருங்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது படி வரம்போடு இலக்கங்களின் எண்ணிக்கையையும் கூட்டியாக வேண்டும்.