இறந்தவர் கணக்கில் வந்து விழும் ஓய்வூதியம்

வங்கியின் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "பணம் வந்துகொண்டுதானே இருந்தது சார், அம்மாவுக்கு வர வேண்டிய பணம் என்று நினைத்தோம்."

அப்படி வந்த ஒரு தாயும் மகனும் நினைவில் இருக்கிறார்கள். மத்திய அரசில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற தந்தை, 78 வயதில் ஜூன் 11 அன்று இறந்துவிட்டார். வங்கிக்கு யாரும் சொல்லவில்லை. ஏ.டி.எம். அட்டை அம்மாவின் கைப்பையில் இருந்தது. மாதக் கடைசியில் பணம் விழ, மகன் எடுத்துக் கொடுத்தார். நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க ஆள் இல்லை என்றபோதுதான் விஷயம் எங்களுக்குத் தெரிந்தது.

கணக்கு எளிது. அகவிலைப்படியை ஒதுக்கிவிட்டு அடிப்படையை மட்டும் பார்ப்போம். அவருடைய ஓய்வூதியம் 36,000 ரூபாய்; மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியம் 21,600 ரூபாய். இறந்த நாள் உட்பட அந்த நாள் வரைக்கும் ஓய்வூதியம் உண்டு. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். ஆக ஜூனில் 11 நாளுக்கு 13,200 ரூபாய் அவருடையது. மீதி 19 நாளுக்கு 13,680 ரூபாய் மனைவியுடையது. மாதம் முழுவதற்கும் வந்த 36,000 ரூபாயில் 22,800 ரூபாய் அவர் கணக்கில் வந்திருக்கக் கூடாதது. ஜூலை முதல் நவம்பர் வரை வந்த 1,80,000 ரூபாயும் அப்படியே. மொத்தம் 2,02,800 ரூபாய். மனைவிக்கு ஜூன் முதல் சேர வேண்டியது 1,21,680 ரூபாய். அதைக் கழித்தால் 81,120 ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு அதை மாதத் தவணையில் பிடித்தோம். குடும்ப ஓய்வூதியம் பெறத் தகுதியானவர் யாருமே இல்லாத வீடாக இருந்திருந்தால், முழு 2,02,800 ரூபாயும் கையிலிருந்து போயிருக்கும். இறந்தது தெரிந்தே எடுத்தார்கள் என்றால் காவல்துறைப் புகார் வரை போகலாம். ஓய்வூதியம் தொடங்கும்போதே, கூடுதலாக வரவு வைத்தால் வங்கி பிடித்துக்கொள்ளலாம் என்று உறுதிமொழி வாங்கிவிடுவார்கள். அந்தத் தாளை வீட்டில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே இறப்பு நடந்த வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இறந்தவர் பெயர், ஓய்வூதிய ஆணை எண் (பி.பி.ஓ.), கணக்கு எண், இறந்த தேதி, ஓய்வூதியத்தை நிறுத்தும்படி ஒரு வரி, அவ்வளவு போதும். இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். பின்னர் தருவதாக எழுதலாம். நகலில் தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். சொல்லியும் வங்கி தொடர்ந்து பணம் போட்டால், தவறு யாருடையது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. அப்போதும் அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். திரும்பப் போகிற பணம் அது.

மனைவி அல்லது கணவர் பெயர் ஓய்வூதிய ஆணையில் இருந்தால், குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த வங்கியிலேயே விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், ஆணையின் நகல், அடையாளச் சான்று, மேலே சொன்னது போன்ற உறுதிமொழி ஆகியவை கேட்பார்கள். ஆணையில் 'லட்சுமி' என்றும் ஆதாரில் 'மகாலட்சுமி' என்றும் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆணையில் பெயரே இல்லாத மகளுக்கோ மகனுக்கோ என்றால் வங்கியால் முடியாது. அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம்தான் அனுமதி தர வேண்டும்.

குடும்பங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது நிலுவையில்தான். நம் உதாரணத்தில் ஜூன் 12 அன்றே தகவல் கொடுத்திருந்தால், மாதக் கடைசி வரவு நின்றிருக்கும். 11 நாளுக்குரிய 13,200 ரூபாய் நிலுவையாகியிருக்கும். இறப்பதற்கு முந்தைய காலத்துக்கு அகவிலைப்படி பின்னர் உயர்த்தப்பட்டாலும் அந்த வித்தியாசம் இதில் சேரும். இது குடும்ப ஓய்வூதியத்தோடு தானாக வராது. தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஓய்வூதிய நிலுவைக்கென்று அவர் தனியாக யாரை நியமித்திருந்தாரோ அவருக்குத்தான் கிடைக்கும். சேமிப்புக் கணக்கின் நியமனதாரர் வேறு, இவர் வேறு. இந்த நியமனம் இல்லையென்றால் 13,200 ரூபாய்க்குக்கூட வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டியிருக்கும். பெற்றோர் இருவரும் இருக்கும்போதே வங்கியில் கேட்டு, அந்தப் படிவத்தைக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அரைப் பக்கத் தாள்தான்.

பிடித்தம் செய்யப்போவதாக வங்கி சொன்னால், மாதவாரியாகச் சேர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இறந்த மாதத்தின் வரியை முதலில் பாருங்கள். ஜூன் 11 வரைக்கும் உரிய ஓய்வூதியத்தையும் மறந்து முழு மாதத்தையும் பிடித்த கணக்குத்தாளை நானே திருத்தியிருக்கிறேன். இதெல்லாம் முடியும் வரை பழைய கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.